முத்திரையைப் பார்த்தால் போதுமா?

“ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள தலைக்கவசத்தையே வாங்குங்கள்” என்னும் அறிவுரையை நீங்கள் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது தவறான அறிவுரை அன்று. ஆனால் பாதி அறிவுரை. முத்திரையைப் பார்க்கச் சொல்கிறதே தவிர, அதில் எதைப் பார்ப்பது என்று சொல்வதில்லை. இன்றோ பலர் தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. கைப்பேசிக்கு வந்த ஒரு படத்தைப் பார்த்தே விலை பேசி முடித்துவிடுகிறார்கள். அந்தப் படம் நமக்கு எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் முத்திரையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.எஸ்.ஐ. என்பது 1947-இல் தோன்றிய ஓர் அமைப்பின் சுருக்கப் பெயர். 1987-இல் அதன் இடத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றது. ஆயினும் பழைய மூன்றெழுத்து முத்திரையில் நிலைத்துவிட்டது. முறையான முத்திரையில் மூன்று பகுதிகள் உண்டு. நடுவே சின்னம், அதன் மேலே தர எண், கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண். உரிம எண்ணில் 7 அல்லது 10 இலக்கங்கள் இருக்கும்.

இம்மூன்றும் மூன்று வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. நம்மில் பெரும்பாலோர் பார்ப்பது நடுவில் உள்ள சின்னத்தை மட்டுமே. ஆனால் மூன்றிலும் குறைந்த மதிப்புடையது அதுதான். ஏனெனில் எந்த அச்சகத்திலும் அதை அச்சடித்துவிடலாம்.

மேலே உள்ள தர எண், பொருள் எந்த ஆபத்தை எதிர்நோக்கிச் சோதிக்கப்பட்டது என்பதைக் கூறுகிறது. இருசக்கர வண்டி ஓட்டுவோரின் கவசத்துக்குரிய எண் IS 4151. கட்டட வேலை செய்வோர் அணியும் தொப்பியிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும், அதன் எண் IS 2925. அந்த முத்திரையில் பொய் ஏதும் இல்லை. ஆனால் மேலிருந்து விழும் பொருளிடமிருந்து காப்பதற்காக ஆக்கப்பட்டது அந்தத் தொப்பி. ஓடும் வண்டியிலிருந்து விழுந்து, தலையின் பக்கவாட்டுப் பகுதி தரையில் மோதுவதற்காக அன்று. உண்மையான முத்திரையே தவறான பொருளை நம் தலையில் ஏற்றிவிடக் கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

கீழே உள்ள உரிம எண்தான் நாம் சரிபார்க்கக்கூடிய பகுதி. உரிமம் ஒரு குறிப்பிட்ட தொழிற்சாலைக்கு, ஒரு குறிப்பிட்ட தரத்துக்காக வழங்கப்படுவது. ஒரே நிறுவனம் இரண்டு ஊர்களில் தொழிற்சாலை வைத்திருந்தால் இரண்டு உரிம எண்கள் இருக்கும்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகக் காண்போம். உங்களுக்கு ஒரு படம் வருகிறது. முகவாய் வரை மூடும் கறுப்புக் கவசம். பக்கவாட்டில் தெரிந்த வணிகப் பெயர் ஒன்று. பின்புறம் வெள்ளி நிற ஒட்டுத்தாள். படத்தைப் பெரிதாக்கி உரிம எண்ணைப் படியுங்கள். 3-ஆ 8-ஆ என்று ஐயம் எழுந்தால் ஊகிக்க வேண்டாம்; ஒட்டுத்தாளை மட்டும் அருகில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகு அமைவனத்தின் BIS Care செயலியில் Verify Licence Details என்னும் பகுதியைத் திறந்து அந்த எண்ணை இடுங்கள்.

விடை வருகிறது. உரிமம் உண்மையானது, நடப்பிலும் உள்ளது. இந்த இடத்தில்தான் பலர் மனநிறைவோடு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் மேலும் படியுங்கள். அந்த உரிமம் பெற்றிருப்பது மின்கம்பி செய்யும் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எண் மெய், ஒட்டுத்தாள் பொய். எனவே எண் இருக்கிறதா என்பதோடு, தர எண், தயாரிப்பாளர், வணிகப் பெயர் ஆகியவையும் படத்தில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. உரிமம் காலாவதியாகிவிட்டது என்று விடை வந்தால் உடனே போலி என்று முடிவுகட்டுகிறோம். கவசத்தின் உட்புறத்தில் தயாரித்த மாதமும் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கும். உரிமம் நடப்பில் இருந்த காலத்தில் செய்யப்பட்ட கவசமாயின், முத்திரை அன்று முறையாகவே இடப்பட்டிருக்கலாம். அதேபோல் ஒட்டுத்தாள் சற்றுக் கோணலாக இருப்பதும், நிறம் மங்கியிருப்பதும் போலிக்குச் சான்று ஆகா. உரிம எண்ணே இல்லாமை, தர எண் மாறியிருத்தல், எழுத்துப் பிழை ஆகியவை வலுவான சான்றுகள்.

அடுத்து, கவசத்தின் உட்புறப் படம் ஒன்றையும் கேளுங்கள். துணியையும் மெத்தென்ற பஞ்சையும் விலக்கினால், ஓட்டையொட்டிக் கெட்டியான தெர்மோகோல் போன்ற அடுக்கு தெரிய வேண்டும். உயிர் காக்கும் பகுதி அதுவே. ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். சுமார் 1.8 மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதும்போது அதன் வேகம் நொடிக்கு 6 மீட்டர் இருக்கும். எதிர்முடுக்கம் a = v²/2s. அடுக்கு நசுங்குவதால் தலை 25 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்குமானால், சராசரி எதிர்முடுக்கம் 720 மீ/நொடி². அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 73 மடங்கு. வெறும் ஓடும் பஞ்சும் உள்ள கவசத்தில் 5 மில்லிமீட்டரில் நின்றால், அது 367 மடங்காகிவிடும். ஓடு எவ்வளவு பளபளப்பாக இருப்பினும் இந்தக் கணக்கு மாறாது.

அடுக்கின் தடிமனைப் படத்திலிருந்து அளக்க முடியுமா? ஓரளவு முடியும். 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள பத்து ரூபாய் நாணயத்தை அடுக்கின் விளிம்பை ஒட்டி, அதே தளத்தில் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். நாணயம் கேமராவுக்கு அருகில் இருந்தால் அது பெரிதாகவும் அடுக்கு மெலிதாகவும் தோன்றும். தொலைவில் இருந்தால் மாறாகத் தோன்றும். விளிம்பில் அடுக்கு மெலிந்திருப்பதும் உண்டு. ஆகையால் இது துல்லிய அளவு அன்று. அடுக்கு இருக்கிறதா, இல்லையா என்ற கேள்விக்குத்தான் இது நல்ல விடை.

இவ்வளவு செய்தபின்னும் மீதமாகும் ஐயம் ஒன்று உண்டு. உண்மையான கவசத்தின் ஒட்டுத்தாளை அப்படியே நகலெடுத்து, அதே வணிகப் பெயரையும் போட்டுவிட்டால் எண், பெயர், தரம் எல்லாமே பொருந்திவிடும். படமும் வேறொரு கவசத்தின் படமாக இருக்கலாம். மேலும், ஒருமுறை பலமாக மோதிய கவசத்தின் உள்ளடுக்கு நசுங்கிப் போயிருக்கும்; நசுங்கிய அடுக்கு மீண்டும் பழைய நிலைக்கு வராது. வெளி ஓட்டில் கீறல் இல்லாதபோது படத்தில் அதைக் காண வழியே இல்லை. பழைய கவசத்தைப் படம் பார்த்து வாங்குவதில் உள்ள பெரிய குறை இது.

ஆகவே படத்துக்கு உள்ள ஆற்றல் ஒருபக்கமானது. ஒரு கவசம் போலி என்று அதனால் உறுதியாகக் காட்ட முடியும். மெய்யானது என்று காட்ட முடியாது. தேறாத படத்தைத் தள்ளிவிடுங்கள். தேறிய படத்துக்குரிய கவசத்தை நேரில் வாங்கி, அதே எண் அதில் உள்ளதா என்று பாருங்கள்; உள்ளடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்; விற்பவரிடம் ரசீது கேளுங்கள். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை பெறாத இருசக்கர வண்டிக் கவசத்தை நாட்டில் விற்பதே சட்டப்படி குற்றம். ரசீது தரத் தயங்குபவர், ஒட்டுத்தாள் சொல்லாத செய்தியையும் நமக்குச் சொல்லிவிடுகிறார்.