சாந்தி கியர்ஸுக்குக் கொடுத்த கூடுதல் விலை

ஆவடியில் குழாய் ஆலை நடத்தும் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 2012இல் கோவையின் சாந்தி கியர்ஸை வாங்கியது. பங்கு ஒன்றுக்கு 81 ரூபாய். நிறுவனர் குடும்பத்திடம் 44.12 சதவீதம், பிறகு பொதுப் பங்குதாரர்களிடம் 26 சதவீதம் என்று மொத்தம் 70.12 சதவீதத்துக்கு ஏறத்தாழ 464 கோடி ரூபாய் செலவானது. அந்தப் பங்குக்குரிய நிகரச் சொத்தைக் கழித்த பின் மிஞ்சிய தொகைதான் தாய் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பில் குட்வில் ஆகிறது. அன்றைய ஏ.எஸ். 21 விதி புத்தக மதிப்பைக் கழித்தது. இன்றைய இண்ட் ஏ.எஸ். 103, சொத்துகளை நியாய மதிப்பில் எடுத்து, வாடிக்கையாளர் உறவு, பிராண்ட் போன்றவற்றையும் பிரித்தெடுத்த பிறகே மிச்சத்தைக் குட்வில் என்கிறது.

இந்த மிச்சம் இயந்திரம்போல ஆண்டுதோறும் தேய்மானம் காண்பதில்லை. அதற்குப் பதில் வருடம் ஒருமுறையாவது இம்பேர்மென்ட் சோதனை நடக்க வேண்டும். குட்வில்லைத் தனியாக விற்க முடியாது என்பதால், அதைச் சுமக்கும் தொழில் அலகையே முழுதாக மதிப்பிடுகிறார்கள். விற்றால் கிடைக்கும் நிகர விலை, தொடர்ந்து நடத்தினால் வரும் பணத்தின் இன்றைய மதிப்பு, இவ்விரண்டில் எது அதிகமோ அதுவே மீட்கத்தக்க தொகை. ஏட்டில் உள்ள மதிப்பு அதைத் தாண்டினால், தாண்டிய தொகை நட்டமாகிறது.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நிகரச் சொத்து 100 கோடி. அதில் 70 சதவீதத்தை 140 கோடிக்கு வாங்குகிறோம். நம் பங்குச் சொத்து 70 கோடி, குட்வில் 70 கோடி. சோதனையின்போது முழு நிறுவனத்தையும் மதிப்பிடுவதால், குட்வில்லையும் 70 சதவீதத்திலிருந்து முழுமைக்கு உயர்த்தி 100 கோடியாக எடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு 70 கோடியை மட்டும் சேர்க்கும் தவறு அடிக்கடி நடக்கிறது. ஆக, ஏட்டு மதிப்பு 200 கோடி. அடுத்த ஆண்டு வரவு 14 கோடி, அது எந்நாளும் 5 சதவீதம் வளரும், தள்ளுபடி வீதம் 12 சதவீதம் என்று வைத்தால், 14ஐ 7 சதவீதத்தால் வகுக்கச் சரியாக 200 கோடி வருகிறது. நட்டம் இல்லை. வீதத்தை 13 ஆக்குங்கள்: 175 கோடி. நட்டம் 25 கோடி, அதில் நம் பங்கு 17.5 கோடி. ஏட்டில் குட்வில் 52.5 கோடியாகச் சுருங்குகிறது.

ஒரே ஒரு சதவீதம் இவ்வளவையும் தீர்மானிக்கிறது என்பதுதான் என் கவலை. அந்த வீதத்தையும் வளர்ச்சியையும் முதலில் முன்வைப்பது, வாங்கும் முடிவை எடுத்த அதே நிர்வாகம்தான். தணிக்கையாளர் கேள்வி கேட்கலாம். ஆனால் பத்தாண்டுக்கு அப்பால் வரும் வரவைப் பற்றி அவரிடமும் உறுதியான சான்று இருக்காது. அனுமானங்களைக் குறிப்பில் வெளியிட வேண்டும் என்பது நல்ல விதி. சென்ற ஆண்டு கணித்ததையும் உண்மையில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடச் சொல்லும் விதிதான் இல்லை.

விளைவை டாடா ஸ்டீலில் காணலாம். 2007இல் கோரஸை வாங்கியது. அடுத்த ஆண்டே உலக நெருக்கடி வந்தது. ஐரோப்பிய எஃகுத் தேவை 2007ஐவிட 30 சதவீத அளவுக்குச் சரிந்துவிட்டது என்று காரணம் சொல்லி, பெருமளவு குட்வில்லும் சொத்துகளும் சேர்த்து ஏறத்தாழ 160 கோடி டாலரைக் கழித்தது 2013இல்தான். பணம் அன்று கையைவிட்டுப் போகவில்லை, 2007இலேயே போய்விட்டது. முதலீட்டாளருக்கு ஏடு அதைச் சொன்னபோது, அவர் பங்குச் சந்தையில் முன்பே உணர்ந்திருந்தார்.

சாந்தி கியர்ஸில் வேறொரு குறை தெரிகிறது. அது இன்றும் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதால் வெளியிலிருந்து ஒரு விலை கிடைக்கிறது. நிர்வாகத்தின் கணிப்பை மட்டும் நம்பத் தேவையில்லை. இது பெரிய நன்மை. ஆனால் சமீப ஆண்டுகளில் அப்பங்கு 81 ரூபாயைப் பல மடங்கு தாண்டிவிட்டது. வாங்கிய பிறகு உழைத்துச் சேர்த்த மதிப்பு அது, ஏட்டில் எங்கும் இல்லாதது. 2012இல் வாங்கிய குட்வில் அந்த உயரத்தின் நிழலில் நிற்கிறது. இனி தொழில் பாதியாகச் சரிந்தாலும் சோதனை நட்டம் காட்டாமல் போகலாம்.

அதற்காகப் பத்தாண்டில் சமமாகத் தள்ளிவிடலாம் என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆண்டுக்கு இத்தனை என்று கழித்துவிட்டால், வாங்கியது பலித்ததா என்ற கேள்வியே எழாமல் போய்விடும். 2024 மார்ச்சில் பன்னாட்டுக் கணக்கியல் தர வாரியம் வெளியிட்ட வரைவு, முக்கியமான கையகப்படுத்தலின் நோக்கங்களையும் அவை பின்னர் நிறைவேறினவா என்பதையும் நிறுவனம் சொல்ல வேண்டும் என்கிறது. வாங்கிய நாளில் எதிர்பார்த்த விற்பனை, லாபம் ஆகியவற்றை இலக்கங்களாகவே கேட்க வேண்டும் என்பேன். மழுப்பலான வாக்கியத்தை எந்த நிர்வாகமும் எழுதிவிடும்.