பால்மர இலையில் ஒரு பூட்டு

கிள்ளானைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள் நிறைய இருந்தன. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று குவாசா டமன்சாரா நகரியம் எழும்பிக்கொண்டிருக்கிறது. பால்மரம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பட்டையில் வழியும் பால்தான். அதன் வேதியியல் அழகு பாலில் இல்லை, இலையில் இருக்கிறது.

ஓர் இளம் இலையைக் கசக்கிச் சோதனைக் குழாயில் போட்டு, பிக்ரேட் தோய்த்த மஞ்சள் காகிதத் துண்டை இலையில் படாமல் மேலே தொங்கவிட்டு, குழாயை மூடிவைத்தால் காகிதம் மெல்ல ஆரஞ்சாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வந்து நிற்கும். இலையிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு கிளம்புகிறது என்பதற்கு அதுவே சாட்சி. கசக்காத இலை அப்படியொன்றும் வெளியிடுவதில்லை. நஞ்சு அங்கே நஞ்சாக இல்லை என்பதுதான் முதல் நயம்.

இலைக்குள் இருப்பது லினமரின். அசிட்டோனும் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்தால் உண்டாகும் அசிட்டோன் சயனோஹைட்ரின்தான் அதன் அடிப்படை. (CH3)2C(OH)CN என்று எழுதலாம்: ஒரே கார்பனில் ஒரு பக்கம் ஹைட்ராக்சில், இன்னொரு பக்கம் சயனைடு. மரம் அந்த ஹைட்ராக்சிலின் மேல் ஒரு குளுக்கோஸை மாட்டிவைத்திருக்கிறது. அதுதான் பூட்டு. சர்க்கரை இருக்கும் வரை சயனைடு கழன்றுபோக வழியில்லை. பூச்சி கடித்து செல் சிதையும்போது வேறு அறையில் இருந்த நொதி வந்து சர்க்கரையைக் கழற்றுகிறது. மிஞ்சிய சயனோஹைட்ரினை இரண்டாவது நொதி அசிட்டோனாகவும் நஞ்சாகவும் பிரிக்கிறது.

பூட்டைக் கழற்றியதும் ஏன் பிரிகிறது? சயனோஹைட்ரின் பிறக்கும் விதத்தைப் பார்த்தால் விளங்கும். ஆர்தர் லேப்வொர்த் 1903ஆம் ஆண்டில் எழுதியதுதான் இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. அசிட்டோனையும் ஹைட்ரஜன் சயனைடையும் வெறுமனே சேர்த்துவைத்தால் மூன்று நான்கு மணி நேரம் ஆனாலும் பாதிதான் வினைபுரியும். ஒரு சொட்டு காரம் விட்டால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அமிலத்தை அள்ளி ஊற்றினாலோ வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. கீட்டோனின் கார்பனைத் தாக்குவது ஹைட்ரஜன் சயனைடு அல்ல, சயனைடு அயனி என்பதை இந்த மூன்று நடத்தைகளிலிருந்தே அவர் பிடித்துவிட்டார். ஹைட்ரஜன் சயனைடு மிகப் பலவீனமான அமிலம், தானாக அயனியைக் கொடுக்காது. காரம் அந்த ஹைட்ரஜனைப் பறித்து அயனியை விடுவிக்கிறது. வினைவழி என்று இன்று நாம் பேசுவதற்கு இதைவிடச் சிக்கனமான ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை.

காரம் செய்ததைக் காரமே கலைத்தும்விடும். ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜனைப் பறித்துவிட்டால் எஞ்சிய ஆக்சிஜன் தன் எலக்ட்ரானை இறக்கிச் சயனைடை வெளியே தள்ளும். பழையபடி கீட்டோன் வந்து நிற்கும். ஆக, சயனோஹைட்ரின் என்பது இரு பக்கமும் போகக்கூடிய ஒரு இடைநிலை. எந்தப் பக்கம் அதிகம் சாயும் என்பது கீட்டோனைப் பொறுத்தது. சைக்ளோஹெக்சனோன் ஆவலோடு மாறும், ஏனென்றால் அதன் வளையத்திலுள்ள இறுக்கம் அந்த மாற்றத்தில் தளர்கிறது. அசிட்டோஃபினோனோ தயங்கும், பென்சீன் வளையத்தோடு அதன் கார்பனைல் கொண்ட உறவை இழக்க வேண்டியிருக்கிறது.

இனி அமிலம். இந்த இடைநிலைப் பொருளின் சயனைடு கார்பனைக் கார்பாக்சிலாக மாற்றினால் ஆல்ஃபா ஹைட்ராக்சி அமிலம் கிடைக்கும். அசிட்டோன் சயனோஹைட்ரினிலிருந்து வருவது 2-ஹைட்ராக்சி-2-மெத்தில்புரோப்பனாயிக் அமிலம். மூன்று கார்பன் கொண்ட கீட்டோன் நான்கு கார்பன் அமிலமாகிறது. கூடுதலான அந்த ஒரு கார்பன் சயனைடு தந்தது. நைட்ரைலை நீராற்பகுக்கக் காரமும் உதவும், அமிலமும் உதவும் என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கே காரத்தைத் தொட்டால் கெட்டது. சயனைடு கார்பனைத் தண்ணீர் தாக்குவதற்கு முன்பே மூலக்கூறு அவிழ்ந்து அசிட்டோனுக்குத் திரும்பிவிடும். குடுவையில் அசிட்டோன் வாடை எழுந்தால் வேலை பின்னோக்கிப் போய்விட்டது என்று பொருள், கூடவே நஞ்சும் வந்திருக்கும். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 டிகிரி. கோலாலம்பூரின் நண்பகல் வெயிலில் அது திரவமாகவே நிற்காது. ஆகவே இதெல்லாம் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நினைத்துப் பார்க்கவும் கூடாத வேலை.

எனவே செய்வது காரத்தில், காப்பதும் மாற்றுவதும் அமிலத்தில். அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் குளிர்ந்த நிலையில் நைட்ரைலை அமைடு வரை கொண்டுபோகும். பிறகு தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிட்டால் அமைடு உடைந்து கார்பாக்சிலிக் அமிலமாகும். பிரியும் அம்மோனியாவை அமிலம் உடனே அம்மோனியம் குளோரைடாகப் பிடித்துக்கொள்கிறது, திரும்பிவரும் வழி அடைபட்டுவிடுகிறது. இங்கே அமிலம் சும்மா வினையூக்கி மட்டும் இல்லை, காவலும் அதுதான்.

ஆனால் அளவு மீறக் கூடாது. ஹைட்ராக்சிலைத் தாங்கும் கார்பனில் மூன்று கார்பன்கள் சூழ்ந்திருப்பதால் அடர்ந்த சல்பியூரிக் அமிலமும் சூடும் கண்டால் தண்ணீர் கழன்று, மெத்தாக்ரிலிக் குடும்பத்துப் பொருள் வந்துவிடும். நமக்கு அது தோல்வி. அக்ரிலிக் கண்ணாடி செய்பவருக்கோ அதுதான் லாபம். இதே சயனோஹைட்ரினிலிருந்துதான் அந்தத் தொழில் வெகுகாலமாக நடக்கிறது.

தயங்கும் அசிட்டோஃபினோனுக்கு வேதியியலாளர்கள் செய்யும் உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. சயனைடை டிரைமெத்தில்சிலில் சயனைடாகக் கொடுக்கிறார்கள். சயனைடு கார்பனில் சேரும்போதே சிலிக்கான் ஆக்சிஜனில் போய் ஒட்டிக்கொள்கிறது, திரும்பும் வழி மூடப்படுகிறது. பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலம் அந்த உறையைக் கழற்றி, நைட்ரைலையும் அமிலமாக்கி, அட்ரோலாக்டிக் அமிலத்தைத் தரும். பால்மரம் சர்க்கரையால் செய்ததை மனிதர் சிலிக்கானால் செய்கிறார்கள். எது முந்தியது என்று சொல்லத் தேவையில்லை.

மரத்தின் அந்த இரண்டாவது நொதியையும் மனிதர் விடவில்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் 1996இல் பால்மரத்தின் அந்த நொதியின் மரபணுவைப் பிரதியெடுத்து, அதன் படிக அமைப்பையும் வெளியிட்டார்கள். இலையில் சயனோஹைட்ரினை உடைக்கும் அந்த நொதி, அமிலத்தன்மை கொஞ்சம் உள்ள கரைசலில், மிகுந்த ஹைட்ரஜன் சயனைடுக்கு நடுவே, அதையே கட்டிக்கொடுக்கும். அதோடு இடக்கை, வலக்கை வடிவங்களில் ஒன்றையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும். கரைசலை அமிலப் பக்கம் வைப்பதற்குக் காரணம், நொதியின் துணையின்றித் தானாக நடக்கும் சேர்க்கையை அடக்குவதுதான். லேப்வொர்த் பார்த்த அதே விதி. ஆனால் மெத்திலும் எத்திலும் போல அளவில் நெருங்கிய இரு கைகள் கொண்ட கீட்டோனில் நொதிக்கும் பிரித்தறிவது எளிதல்ல.

இதே லினமரின் மரவள்ளிக் கிழங்கிலும் இருக்கிறது. ஜப்பான் காலத்தில் அரிசி கிடைக்காமல் தோட்டத்து மக்களைக் காத்த கிழங்கு அது. கொதிநீரில் போட்டதும் பூட்டைத் திறக்கும் நொதி அழிந்துவிடும். பூட்டுத் திறக்காத லினமரினில் கொஞ்சம் கிழங்கிலேயே தங்கிவிடும். துருவி ஊறவைத்தால் நொதி தன் வேலையை முடிக்கும், பிறகு சயனைடு தண்ணீரோடும் காற்றோடும் போய்விடும். ஆகவே பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் கிழங்கு வாங்கினால் தோலைத் தடிப்பாகவே சீவுங்கள், சிறிதாக நறுக்கி ஊறவையுங்கள், திறந்த பாத்திரத்தில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.