பதில் ஸலாம் என்னும் கடன்

அன்றாடம் நம் நாவில் புழங்கும் ஒரு சொல்லைக் கதைப்பொருளாக்குவது எளிதன்று. பழகிப்போன சொல்லின் கனத்தை வாசகர் உணர வேண்டுமாயின், அச்சொல் கிடைக்காத ஒரு சூழலை எழுத்தாளர் முதலில் படைத்தாக வேண்டும். இன்னும் அச்சேறாத நிலையில் நம் பார்வைக்கு வந்த ஒரு சிறுகதை இதனைச் செய்ய முயன்றிருக்கிறது. பெரும்பகுதி வெற்றியும் கண்டிருக்கிறது. முதல் முயற்சி என்பதால் தம் பெயரைக் குறிப்பிட வேண்டாமென ஆசிரியர் கேட்டுக்கொண்டார். அவர் விருப்பத்தை மதித்துக் கதையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கதை சுருக்கமானது. கடற்கரை ஊரொன்றின் தெருவில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர். அத்தெருவுக்குப் பார்சல் கொண்டுவரும், எவரையும் ஏறிட்டுப் பார்க்கக் கூசும் இளைஞன் ஒருவன். அவருடைய வீட்டுக்குப் பார்சல் எதுவும் வருவதில்லை. முன்பொரு நாள் அவரிடம் விலாசம் கேட்க நேர்ந்தபோது அவன் ஸலாம் சொன்னான். அன்று முதல் அவ்வீட்டைக் கடக்கும்போதெல்லாம், வண்டியை நிறுத்தாமலேயே, தரையைப் பார்த்தவாறு ஸலாம் சொல்லிச் செல்கிறான். அதற்காக அவர் முற்பகல்தோறும் வாசற்கதவருகே வந்து நிற்கிறார். எதிர்வீட்டார் இதைக் கண்டு கேலி பேச, அவன் வெட்கி வேறு தெரு வழியே போகத் தொடங்குகிறான். சில நாள்களுக்குப் பின் ஒரு பார்சல் அவனை மீண்டும் அத்தெருவுக்கு இழுத்துவருகிறது. இம்முறை வண்டியை அணைத்துவிட்டு ஸலாம் சொல்கிறான். அப்போதுதான் அவருடைய பதிலை முதன்முறையாகக் கேட்கிறான்.

இக்கதையில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது வினைமுற்றுகளை. தமிழில் எதிர்காலத்துக்குரிய வடிவமே கடந்தகால வழக்கத்தையும் உணர்த்த வல்லது. 'வருவான்', 'நிற்பார்', 'சொல்வான்', 'போவான்' என்றே கதையின் முற்பாதி நகர்கிறது. எந்த நாளும் தனி நாளாக நிற்பதில்லை. எல்லா நாள்களும் ஒரே முற்பகலாகக் கரைந்துவிடுகின்றன. காத்திருப்பவரின் காலம் உண்மையில் அப்படிப்பட்டதுதான். இவ்வினைமுற்றுகளில் வழக்கத்தோடு எதிர்பார்ப்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'வருவான்' என்பது அம்மூதாட்டியின் நம்பிக்கையாகவும் ஒலிக்கிறது. பின்னர், 'அன்று அவன் வரவில்லை' என்ற ஒற்றை வாக்கியத்தில் வடிவம் மாறுகிறது. அந்த ஒரு நாள் ஏனைய நாள்களிலிருந்து பிரிந்து தனியே நிற்கிறது. துயரத்தைச் சொல்ல ஆசிரியர் வேறெந்த அடைமொழியையும் தேடவில்லை. வினைமுற்று மாறியதே போதுமானதாக இருக்கிறது.

அடுத்து, அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்ற வினா. மேலோட்டமாகப் படிப்போர் தனிமையில் வாடும் முதுமை அன்புக்கு ஏங்குகிறது என்பர். அது பிழையன்று, ஆயினும் அது எந்தக் கதைக்கும் பொருந்தும் விடை. இக்கதைக்கே உரிய விடை ஸலாமின் சட்டத்துக்குள் இருக்கிறது. ஸலாமைத் தொடங்குவது ஸுன்னத். பதில் சொல்வதோ கடமை. பலர் கூடியிருக்குமிடத்தில் ஒருவரின் பதில் மற்றவர் கடமையையும் நிறைவேற்றிவிடும். தனித்திருப்பவருக்கோ பதிலாள் இல்லை. கடமை அவர் ஒருவர் மீதே நிற்கிறது. ஸலாம் சொன்னவர் செவியில் விழுமாறு பதில் அமைய வேண்டும் என்பதும் மார்க்கச் சட்ட அறிஞர்கள் வலியுறுத்திய ஒன்று.

இந்த நோக்கில் கதையைத் திரும்பப் படிக்கும்போது காட்சி மாறுகிறது. இளைஞன் சொல்லிவிட்டு விரைகிறான். வண்டியின் இரைச்சலில் மூதாட்டியின் பதில் அமிழ்ந்துவிடுகிறது. எனவே நாள்தோறும் தீராத கடனொன்று அவர் மீது ஏறுகிறது. பார்சல் கொடுக்குமிடத்தில் கையொப்பம் பெறாமல் அவன் நகர்வதில்லை என்பதை ஆசிரியர் வேறோரிடத்தில், சாதாரணத் தகவலைப் போல, சொல்லிச் செல்கிறார். ஸலாமுக்கு மட்டும் அவன் ஒப்புகை பெறாமல் போகிறான். இவ்விரண்டையும் இணைத்துக் காட்டாமல் வாசகரிடமே விட்டிருப்பது பாராட்டத்தக்கது. பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள், அண்டை வீட்டார் உணவு தருகிறார்கள். எல்லோரும் அவருக்குக் கொடுக்கிறார்கள், அவரிடம் எதிர்பார்ப்போர் எவருமில்லை. அவரிடமிருந்து ஒன்றைப் பெற வேண்டியவன் அந்த இளைஞன் மட்டுமே. ஆகவே அவருடைய ஏக்கம் பெறுவதற்கானதன்று, கொடுப்பதற்கானது என்பதே நம் துணிபு. இறுதியில் அவர் அவனுடைய சுருக்கமான ஸலாமுக்கு 'வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு' வரை நீட்டிப் பதில் சொல்கிறார். வாழ்த்துக்கு அதனினும் அழகிய வாழ்த்தையோ அதற்கு நிகரானதையோ திருப்பித் தருமாறு பணிக்கும் அந்நிஸா அத்தியாயத்தின் 86ஆம் வசனத்தை அறிந்தோர், அந்த நீட்சியின் பொருளை உடனே உணர்வர்.

'அவரே முந்திக்கொண்டு ஸலாம் சொல்லியிருக்கலாமே' என்று சிலர் கேட்கக்கூடும். வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும், இளையவர் மூத்தவருக்கும் முதலில் ஸலாம் சொல்வதே நபி (ஸல்) அவர்கள் கற்பித்த ஒழுங்கு. எனினும் அவ்வொழுங்கு மாறினால் குற்றமில்லை. ஆதலால் மூதாட்டியின் மௌனத்துக்குக் கதைக்குள்ளேயே காரணம் வேண்டும். ஒரு நாள் அவர் வாய் திறக்க முனைந்தபோது இளைஞன் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்ற ஒரே குறிப்பு அதனைத் தருகிறது. அவனுடைய கூச்சத்தை மதித்தே அவர் மௌனம் காக்கிறார்.

எதிர்வீட்டாரின் கேலியையும் ஆசிரியர் நன்கு கையாண்டிருக்கிறார். அன்னிய ஆண் ஒரு பெண்ணுக்கு ஸலாம் சொல்வதா என்ற முணுமுணுப்பு அதில் மறைந்திருக்கிறது. இதற்கு விடையாக ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரழி) அவர்களின் அறிவிப்பை நினைவுகூரலாம். மதீனாவில் ஒரு மூதாட்டி வெள்ளிக்கிழமைதோறும் கீரைக்கிழங்கோடு வாற்கோதுமையைச் சேர்த்துச் சமைப்பார். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தோழர்கள் சென்று அவருக்கு ஸலாம் உரைப்பார்கள், அவர் அவ்வுணவைப் பரிமாறுவார். அந்த உணவுக்காகவே வெள்ளிக்கிழமை தங்களுக்கு மகிழ்ச்சி தந்தது என்கிறார் ஸஹ்ல். ஆண்கள் பெண்களுக்கும் பெண்கள் ஆண்களுக்கும் ஸலாம் சொல்வது பற்றிய பாடத்தில் இமாம் புகாரீ இதனை வைத்திருக்கிறார்கள். கதாசிரியர் இந்த அறிவிப்பை எங்கும் எடுத்தாளவில்லை. எடுத்தாண்டிருந்தால் கதை பிரசங்கமாகியிருக்கும்.

குறை கதையின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. பதில் ஸலாமோடு முடிந்திருக்க வேண்டிய கதை, ஒரு மாதம் கழித்து மூதாட்டி மௌத்தானதையும் இளைஞன் ஜனாஸாவில் நின்று அழுததையும் சேர்த்துச் சொல்கிறது. காத்திருப்பைப் பற்றிய கதையில் மரணம் கூடாதென்பதில்லை. குஜராத்தி எழுத்தாளர் தூமகேதுவின் 'போஸ்ட் ஆபீஸ்' கதையில், கிழவர் அலி மணமாகித் தொலைவுக்குச் சென்ற மகள் மரியத்தின் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் அஞ்சலகத்தில் காத்திருக்கிறார். அவர் இறந்த பின்னரே கடிதம் வருகிறது. அது அவருடைய கபுறுக்குச் செல்கிறது. அங்கே மரணம் இன்றியமையாதது. கடிதம் பிந்தி வந்ததே அக்கதை. தன் மகளின் செய்திக்காகத் தவிக்கும் போஸ்ட் மாஸ்டர் அலியைப் புரிந்துகொள்ளவும் அந்தப் பிந்துதலே வழிசெய்கிறது.

நம் கதையிலோ வர வேண்டியது உரிய காலத்தில் வந்துவிட்டது, கடன் தீர்ந்துவிட்டது. அதன்பின் வரும் மரணம் எதையும் மாற்றவில்லை. கொடுப்பவராக நிமிர்ந்து நின்ற மூதாட்டியை, மற்றவர் கண்ணீரைப் பெறுபவராக அது மீண்டும் ஆக்கிவிடுகிறது. அப்பத்தியை நீக்கினால், இளைஞன் வண்டியை மீண்டும் கிளப்பாமல் ஒரு கணம் நிற்கும் வாக்கியமே கடைசி வாக்கியமாகும். ஓடிக்கொண்டே இருந்தவன் பதில் கேட்பதற்காக நிற்கிறான் என்பதற்கு மேல் அக்கதை சொல்ல வேண்டியது ஏதுமில்லை.