கலைந்ததும் கலைத்ததும்

தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது எங்கெல்லாம் தகும் என்று நன்னூல் ஒரு சூத்திரத்தில் சொல்கிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்களின் நடுவே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது என்று நான்கு இடங்கள். மற்ற இடங்களில் எவ்வளவு கற்றிருந்தாலும் தற்புகழ்ச்சி தகாது. சிறப்புப் பாயிரத்தைக்கூட ஆசிரியரோ உடன் பயின்றவரோ மாணாக்கரோ உரைகாரரோதான் எழுதித் தர வேண்டும். இந்தச் சலுகையைப் பெறுகிறவரைக் குறிக்கப் பவணந்தி முனிவர் ஆளும் சொல் ‘புலவோன்’. ஆண்பால், ஒருமை. யாப்புக்காக வந்த வடிவம் என்று சமாதானம் சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் தன் தொழிலைப் பற்றித் தானே எழுதப் பெண்கள் உட்காரும்போது என்ன நடக்கிறது என்று பார்த்த பிறகு எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை.

லிங்க்ட்இன், புரோஸ் போன்ற தளங்களில் சுயேச்சை மொழிபெயர்ப்பாளர்கள் வைக்கும் அறிமுகப் பக்கம் நன்னூல் சொன்ன இரண்டாவது இடம்தான். ஆற்றல் தெரியாதவர்களின் நடுவே எழுதப்படுவது. அதற்குத் தலைப்பு வரி உண்டு, சிறப்புத் துறைகள் உண்டு, வாடிக்கையாளர் எழுதித் தரும் பரிந்துரை என்ற சிறப்புப் பாயிரம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக மாதிரி மொழிபெயர்ப்பு என்ற ஒன்று உண்டு. புரோஸில் மூலமும் பெயர்ப்பும் அடுத்தடுத்து நிற்கும். இவ்வளவு உறுப்புகள் கொண்ட ஒன்றை ஓர் இலக்கிய வகையாக வைத்துப் படிக்கலாம். படித்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நம் மாணவிகளில் பலர் இனிமேல் எழுதப்போகும் முக்கியமான உரைநடை இதுவாக இருக்கும்.

என் முன்னாள் மாணவி ஒருத்தியின் பக்கத்தை, அவள் சம்மதத்தோடு, எடுத்துக்கொள்கிறேன். பதினோரு ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறாள். அவளுடைய வருமானத்தில் பெரும்பகுதி மருந்து ஆய்வுகளுக்கான ஒப்புதல் படிவங்களிலிருந்தும் நோயாளிகளிடம் கேட்கும் கேள்வித்தாள்களிலிருந்தும் வருகிறது. தலைப்பு வரியிலோ ‘இல்லத்தரசி, பகுதிநேர மொழிபெயர்ப்பாளர், தமிழ் ஆர்வலர்’ என்று இருந்தது. சிறப்புத் துறைகள் என்ற இடத்தில் சட்டம், மருத்துவம், விளம்பரம், விவசாயம், இலக்கியம், ஆன்மிகம், கூடவே ‘எந்தத் துறையானாலும் செய்து தரப்படும்’. மாதிரியாக வைத்திருந்தது மழையைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கவிதையின் மொழிபெயர்ப்பு.

கவிதை நன்றாகவே வந்திருந்தது. கவிஞர் என்ற முறையில் எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் அவள் செய்யும் வேலையைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன. ‘எந்தத் துறையானாலும்’ என்ற சொற்றொடரை நான் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறேன். மருமகளைப் பற்றிச் சொல்லும்போது, “எந்த வேலைன்னாலும் முகம் சுளிக்காம செய்வா” என்பார்களே, அதுதான் இது. எல்லாம் செய்கிறவளுக்கு எதிலும் தேர்ச்சி இருப்பதாக யாரும் கணக்கில் வைப்பதில்லை. ‘செய்து தரப்படும்’ என்ற செயப்பாட்டு வினையில் செய்கிற ஆளே காணாமல் போகிறாள்.

ஏன் படிவத்தை மாதிரியாக வைக்கவில்லை என்று கேட்டேன். “அதெல்லாம் வெளியே காட்டக் கூடாது மேம். ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். அதோட, அதுல என்ன இருக்கு, வெறும் ஃபாரம்தானே?” என்றாள். முதல் பாதி உண்மை. வாடிக்கையாளரின் பெயரையும் ஆவணத்தின் வாசகத்தையும் காட்ட முடியாது. இரண்டாவது பாதிதான் என்னை நிறுத்தியது. படிவத்தில் என்ன இருக்கிறது என்பதை அவள் வாயாலேயே ஒரு மணி நேரம் சொல்லக் கேட்டேன். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு சொற்றொடர் மட்டும் இங்கே போதும்.

பெண்கள் பங்கேற்கும் மருந்து ஆய்வுகளில் பிள்ளைப்பேற்று வரலாறு கேட்கப்படும். அதில் ‘ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்’ நேர்ந்ததுண்டா என்று ஒரு கேள்வி வரும். ஆங்கில மருத்துவ வழக்கில் கரு தானாகக் கலைந்தாலும் ‘அபார்ஷன்’, சிகிச்சை செய்து கலைத்தாலும் ‘அபார்ஷன்’. நம் மருத்துவமனைகளின் பிரசவக் குறிப்புகளிலும் இரண்டுக்கும் சேர்த்து ‘ஏ’ என்று ஒரே எழுத்தைத்தான் போடுகிறார்கள். அகராதியைப் பிடித்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் வைப்பவர் இதை ‘தன்னிச்சையான கருக்கலைப்பு’ என்று எழுதுவார். அவள் மெருகேற்றித் தர வந்த பழைய கோப்பு ஒன்றில் அப்படியே இருந்திருக்கிறது.

தமிழ் வாசகிக்கு அந்தச் சொற்றொடர் என்ன சொல்கிறது? ‘கலைதல்’ தானாக நடப்பது. ‘கலைத்தல்’ ஒருவர் செய்வது. கரு கலைந்துவிட்டது என்பதற்கும் கருவைக் கலைத்துவிட்டாள் என்பதற்கும் இடையே நம் ஊரில் எவ்வளவு தூரம் என்று எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்த இலக்கணம் இங்கே ஓர் உடலின் மேல் வந்து உட்காருகிறது. ‘கலைப்பு’ பிறவினையிலிருந்து வந்த பெயர், அதற்குள் ஒரு கை இருக்கிறது. அதற்கு முன்னால் ‘தன்னிச்சையான’ என்று வேறு சேர்த்தால், ‘உங்கள் இஷ்டப்படி கருவைக் கலைத்துக்கொண்டதுண்டா’ என்று ஆகிவிடுகிறது. மூன்றாம் மாதத்தில் கருவை இழந்த பெண் அதற்கு ‘இல்லை’ என்றுதான் எழுதுவாள். தானே முடிவெடுத்துக் கலைத்துக்கொண்டவள் ‘ஆம்’ என்று எழுதக்கூடும். இரண்டு விடையும் தலைகீழ். மருந்தின் பாதுகாப்பைக் கணக்கிடுகிறவர்களிடம் இழப்புகள் குறைவாகத் தெரியும். கலைப்பதை ஒரு பழியாக நினைத்து இதைச் சொல்லவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டமே அதை வரையறைகளோடு அனுமதிக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்ல அவளுக்கு ஒரு சொல் வேண்டும் என்பதுதான் விஷயம்.

சொல் இருக்கிறது. கருச்சிதைவு. அது போதாத ஊர்களுக்காக, ‘கரு தானாகவே கலைந்துபோனதுண்டா’ என்று வாக்கியமாகவே எழுதலாம். அவள் பின்னதைத்தான் எழுதினாள். இனிமேல்தான் தொழிலின் உள்விவகாரம் வருகிறது. இத்தகைய படிவங்களுக்குப் பின்பெயர்ப்பு என்ற சோதனை உண்டு. மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவார். தமிழ் தெரியாத மேலாளர் இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். ‘தன்னிச்சையான கருக்கலைப்பு’ திரும்பிப் போகும்போது ‘ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்’ என்றே போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். மூலத்தோடு அச்சு அசலாகப் பொருந்தும், சோதனையில் தேறிவிடும். அவளுடைய சரியான வாக்கியமோ ‘மிஸ்கேரேஜ்’ என்று திரும்பும். உடனே கேள்வி வரும்: மூலத்தில் இல்லாத சொல் எங்கிருந்து வந்தது?

தவறு தேர்ச்சி பெறுகிறது, சரியானது விளக்கம் சொல்ல நிற்கிறது. அவள் ஒவ்வொரு முறையும் நான்கைந்து வரியில் விளக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாள். ‘தன்னார்வப் பங்கேற்பு’ என்று ஏன் எழுதவில்லை என்பதற்கும் அப்படி ஒரு விளக்கம் இருந்தது. தன்னார்வம் என்றால் நமக்குத் தொண்டு நினைவுக்கு வருகிறது, மறுப்பவள் நல்ல காரியத்திலிருந்து நழுவுகிறவளாகத் தோன்றுவாள். அதனால் ‘சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம்’ என்று எழுதினாளாம். விலகினால் ‘அபராதம் இல்லை’ என்பதையும் மாற்றியிருக்கிறாள், அதைப் படித்ததும் கூலிக்காரப் பெண் பணம் கட்டச் சொல்வார்களோ என்று பயப்படுவாள் என்று. இந்த விளக்கங்களை அவள் வேலையாகவே எண்ணவில்லை. கூலியும் சொல்லுக்கு இவ்வளவு என்பதால் அவற்றுக்குக் காசு கிடையாது.

அவள் பக்கத்தில் இருக்க வேண்டியது அந்த விளக்கம்தான் என்பது என் வாசிப்பு. மாதிரி மொழிபெயர்ப்பை யார் படிக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். வேலை தருகிற மேலாளருக்குப் பெரும்பாலும் தமிழ் எழுத்துகூடத் தெரியாது. அவருக்கு மழைக் கவிதையும் ஒன்றுதான், மளிகைச் சீட்டும் ஒன்றுதான். அவரால் படிக்க முடிவது மாதிரிக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதும் குறிப்பை மட்டுமே. நேரடியாகப் பெயர்த்தால் என்ன ஆகும், பின்பெயர்ப்பில் அது ஏன் பிடிபடாது, நான் ஏன் இப்படி எழுதினேன் என்று சொல்லும் குறிப்பு. இதைப் பொதுவாக ‘தரம்’ என்றோ ‘அர்ப்பணிப்பு’ என்றோ சொல்லிக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரே ஒரு சொல்லை எடுத்துக் காட்டினால் தெரியும்.

ரகசிய ஒப்பந்தத்தை மீறாமல் இதைச் செய்ய வழி இருக்கிறது. மூலத்தையே அவள் எழுதிக்கொள்ள வேண்டும். பதினோரு வருடமாகப் படிவங்களைக் கையாண்டவளுக்கு அந்த நடையில் இல்லாத ஆய்வு ஒன்றுக்கு, இல்லாத மருந்து ஒன்றுக்கு, இருநூறு சொல்லில் ஆங்கிலப் பத்தி எழுதுவது பெரிய காரியமில்லை. பழைய கோப்பின் வாக்கியங்களை உருமாற்றி வைப்பது கூடாது. பெயரை அழித்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். வாசகமும் வாடிக்கையாளருடையதுதான். ‘மாதிரிக்காக நானே எழுதிய மூலம்’ என்று மேலே ஒரு வரி போட்டுவிட வேண்டும். அவள் அப்படியே செய்தாள். பிள்ளைப்பேற்று வரலாறு பற்றி ஆறு கேள்விகள், விலகும் உரிமை பற்றி ஒரு பத்தி, அடியில் மூன்று குறிப்புகள். மழைக் கவிதையை எடுக்கச் சொல்லவில்லை. அது இப்போது கடைசியில் இருக்கிறது.

தலைப்பு வரிக்குத்தான் அதிக நேரம் ஆனது. லிங்க்ட்இன் 220 எழுத்துக்குறி தருகிறது. அதில் ‘இல்லத்தரசி’ வேண்டாம் என்றபோது, “பொய் சொல்றதா இருக்காதா மேம்?” என்று கேட்டாள். வீட்டு வேலையை மறைக்கச் சொல்லவில்லை, அது இந்தக் கூலிக்கான தகுதியும் இல்லை, குறையும் இல்லை, மேலாளருக்கு அது எதற்கு என்றேன். முழுதும் ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் ‘ஒப்புதல் படிவங்கள், நோயாளி கேள்வித்தாள்கள், பெண்கள் நலம், ஆங்கிலம்–தமிழ், 11 ஆண்டுகள்’ என்று எழுதினாள். ‘ஆர்வலர்’ தானாகவே உதிர்ந்தது.

பிறகு புரோஸ் தளத்தில் சிறப்புத் துறையைக் குறிக்கப் போனோம். அங்கே ஆயத்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். மருத்துவத்தின் கீழ் இதயவியல், பல் மருத்துவம், கருவிகள், மருந்தியல் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. மகப்பேற்றுக்கென்று கட்டம் இல்லை. ‘மருத்துவம், பொது’ என்பதில் குறியிட்டுவிட்டு, மீதியைத் தன் சொல்லில் எழுதக் கொடுத்திருந்த வெற்றிடத்தில் அவளே அதைத் தட்டச்சு செய்தாள்.