மகளை வழியனுப்பும் பாடல்: பெரம்பலூர், அரியலூர் வட்டார மரபும் பெரியாழ்வாரும்

திருமணம் முடிந்து பெண் புக்ககம் புறப்படும் நேரத்தில் பெற்றோர் தரப்பில் பாடப்படுவது வழியனுப்பும் பாடல். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்த பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட தமிழகக் கிராமங்களின் மண நிகழ்வில் இந்நேரம் சிக்கலானது. மகளுக்கு நல்ல வாழ்க்கை அமைந்த மகிழ்ச்சியில் வீடு நிறைந்திருக்கிறது; அதே வீட்டிலிருந்துதான் அவள் போகிறாள். மங்கல நாளில் வாய்விட்டு அழுவது ஆகாது என்ற எண்ணமும் உண்டு. எனவே துயரத்தை மறைக்காமலும் ஒப்பாரியாக விடாமலும் பாட வேண்டியிருக்கிறது. இதை இப்பாடல் எவ்வாறு செய்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தாயின் கேள்விகள்

இதற்கான விடையைத் தெளிவாகக் காட்டும் பழைய சான்று பெரியாழ்வார் திருமொழியின் மூன்றாம் பத்தில் உள்ள எட்டாம் திருமொழி. மகள் கண்ணனோடு சென்றுவிட்டாள், தாய் பேசுகிறாள். முதற்பாசுரத்தில், பனி விழுந்து இதழுதிர்ந்த தாமரைப் பொய்கைபோல வீடு பொலிவிழந்து கிடக்கிறது. துயரம் இங்கேயே சொல்லி முடிந்துவிட்டது. அதன்பின் வரும் பாசுரங்களில் பெரும்பாலும் கேள்விகளே இருக்கின்றன.

உற்றாரும் ஊராரும் அறியப் பறைகொட்டி, தோரணம் நாட்டி, அரசாணியை வழிபட்டு மணம் செய்வார்களா? யசோதை மருமகளைக் கண்டு மகிழ்ந்து சீர் செய்வாளா? மாமனார் நந்தகோபன் அன்போடு அணைத்துக்கொள்வாரா? குறை சொல்லியே அவளை நடத்துவார்களா? விடியுமுன் எழுந்து, தூக்கமின்றித் தயிர் கடைய அவளால் முடியுமா?

ஒவ்வொரு கேள்வியும் இருபக்கமும் திறந்திருக்கிறது. மாமியார் சீர் செய்வாளா என்று கேட்கும்போது அந்தக் காட்சி தாயின் மனத்தில் நடந்தேறிவிடுகிறது, அது மகிழ்ச்சி. அதை நேரில் பார்க்கத் தான் அங்கே இருக்கப்போவதில்லை என்பது துயரம். இரண்டையும் தனித்தனி அடிகளில் வைக்காமல் ஒரே கேள்வியில் வைத்ததுதான் இப்பாடலின் வலிமை. மணமகன் கடவுளே ஆனாலும் தாயின் கவலை தயிர் கடைவதில் வந்து நிற்கிறது. அரசாணிக்கால் நடும் வழக்கம் இன்றும் பல சமூகத் திருமணங்களில் இருப்பதால், கிராமத்துத் தாய்க்கும் இக்கேள்விகள் அந்நியமானவை அல்ல.

ஒரு வேறுபாட்டையும் குறிக்க வேண்டும். இது உடன்போக்கின் பின் தாய் தனித்துப் புலம்புவது. மகள் அருகில் இல்லை. மணவீட்டுப் பாடலில் மகள் எதிரே நிற்கிறாள். ஆகவே அதில் அதே கவலைகள் மகளை நோக்கிய வாழ்த்தாகவும் அறிவுரையாகவும் மாற வேண்டியிருக்கிறது.

ஒப்பாரியிலிருந்து பிரியும் இடம்

வழியனுப்பும் பாடலும் ஒப்பாரியும் பல பொருள்களைப் பகிர்ந்துகொள்கின்றன: பிறந்த வீட்டின் பெருமை, வளர்த்த அருமை, வெறிச்சோடிய வீடு. இவற்றை மட்டும் பார்த்தால் ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடலாம். காலத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஒப்பாரி நடந்து முடிந்ததில் நிலைகொள்கிறது. வழியனுப்பும் பாடலோ இறந்தகாலத்தைத் தொட்டாலும் எதிர்காலத்துக்குத் திரும்பிவிடுகிறது. அப்படித் திரும்பாத பாடல் மணவீட்டில் நெருடும்.

நற்றிணை 110ஆம் பாடலில் போதனார் இத்திருப்பத்தை வேறு வகையில் செய்கிறார். பொற்கிண்ணத்தில் தேன்கலந்த பாலை ஏந்தி, சிறுகோலைக் காட்டி அதட்டினாலும் உண்ணாமல் பந்தரில் ஓடிய சிறுமி, இன்று கணவன் குடி வறுமையுற்றபோது தந்தை வீட்டுச் செல்வச்சோற்றை நினைக்காமல், கிடைத்தபோது உண்கிறாள். மகளின் பக்குவத்தில் பெருமையும், அவள் பசியில் வேதனையும் செவிலிக்கு ஒன்றாகவே வருகின்றன.

அறிவுரை மட்டும் மிஞ்சும்போது

1958இல் வெளிவந்த 'பானை பிடித்தவள் பாக்கியசாலி' படத்தில் திருச்சி லோகநாதன் பாடிய புகழ்பெற்ற பாடல், புக்ககம் போகும் தங்கைக்கு அண்ணன் சொல்லும் புத்திமதி. பாசம் அதில் உண்டு. ஆனால் பேசுபவன் எல்லாம் தெரிந்தவனாக நிற்கிறான். புகுந்த வீட்டார் அவளை எப்படி நடத்துவார்கள் என்ற அச்சம் பின்னுக்குப் போய்விடுகிறது. நல்லபடி நடக்கும் பொறுப்பு முழுவதும் பெண்மேல் விழுகிறது.

பெரியாழ்வாரின் தாய் பெரும்பாலும் கேள்வி கேட்பது புகுந்த வீட்டாரின் நடத்தையைப் பற்றி. மகளின் திறனைப் பற்றிய ஐயம் தயிர் கடையும் இடத்தில்தான் வருகிறது. ஆகவே இவ்வகைப் பாடல் ஒன்றை மதிப்பிடும்போது, அதில் எத்தனை கண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அது யாரிடம் எதை எதிர்பார்க்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.