தம்ப்நெயிலில் தெரியாத கைகள்

தமிழ் யூட்யூபில் ஆண்கள் சமைத்தால் தம்ப்நெயிலில் அண்டா தெரிகிறது. பெண்கள் சமைத்தால் பெரும்பாலும் முகம் தெரிகிறது, அதுவும் அழுத முகம் அல்லது அதிர்ந்த முகம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் சேர்ந்து நடத்தும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைக் கடந்தது. பார்ப்பவரை அங்கே இழுப்பது உணவும் அதன் அளவும் வேலையும்தான். அவர்கள் குடும்பச் சண்டை எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டிலிருந்து காணொளி போடும் பெண்ணுக்குச் சொல்லித்தரப்படும் பாடமோ வேறு. மாமியாரைப் பற்றி ஒரு புதிர்த் தலைப்பு, சிவப்பு வட்டம், கண்ணீர். திறந்து பார்த்தால் உள்ளே சாம்பார் கொதிக்கிறது.

இதை ஒழுக்கக் கேடு என்று கண்டிப்பதோடு நிறுத்திக்கொள்வது எளிது. இது தொழில்ரீதியாகவும் மோசமான உத்தி என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பேசுவோம். திருமுல்லைவாயிலில் வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கும் ஒரு பெண், கையைத் தூக்கினால் பிளவுஸ் மேலேறுவது ஏன் என்று ஒரு காணொளி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல பிளவுஸ்களில் இதற்குக் காரணம், ஆர்ம்ஹோல் அளவுக்கு மீறி இறங்கி வெட்டப்பட்டிருப்பதுதான். அக்குளுக்குக் கீழே துணி தள்ளி நிற்பதால், கை உயரும்போது அது மொத்த உடுப்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. இது உண்மையான அறிவு. தைப்பவர்கள் தேடி வந்து பார்க்கக்கூடிய விஷயம்.

இதற்குச் சட்டென்று கிடைக்கும் தம்ப்நெயில் எது? பிளவுஸ் அணிந்து கை தூக்கி நிற்கும் ஒரு பெண்ணின் படம். கிளிக்குகள் குவியும். ஆனால் குவிபவர்கள் யார்? ஆர்ம்ஹோல் வெட்டத் தெரிந்துகொள்ள வராதவர்கள் சாக்பீஸையும் கத்தரியையும் கண்டதும் பத்து நொடிக்குள் வெளியேறிவிடுவார்கள். யூட்யூப் 2012 முதலே வெறும் கிளிக்கைவிடப் பார்க்கும் நேரத்துக்கு அதிக மதிப்புத் தருகிறது. யூட்யூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு காணொளிக்கும், 30 நொடி வரை எத்தனை சதவீதம் பேர் தங்கினார்கள் என்று பார்க்கலாம். கிளிக் விகிதம் உயர்ந்தும் அந்த வரைகோடு தொடக்கத்திலேயே செங்குத்தாக விழுந்தால், படம் தவறான ஆட்களை அழைத்திருக்கிறது என்று பொருள். உடலைக் காட்டி வரவழைத்த கூட்டத்தின் கருத்துகளைத் தினமும் அழித்துக்கொண்டிருக்கும் வேலையும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது.

வேறு விதமாகச் செய்து பார்ப்போம். மேஜையில் விரித்த வெளிர்நிறத் துணி, அதில் இரண்டு சாக்பீஸ் கோடுகள். கீழே இறங்கிய தவறான வளைவு சிவப்பில், சரியான வளைவு பச்சையில். இஞ்ச் டேப் பிடித்த ஒரு கை. எழுத்து மூன்றே சொல்: ‘வளைவு இங்கேதான் தப்பு’. வலது கீழ் மூலையில் காணொளியின் நேரம் ஏறி நிற்குமாதலால் அங்கே எதையும் வைக்கக் கூடாது. பதிவேற்றுமுன் படத்தை ஃபோனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளும் அந்த அளவில் பிரிந்து தெரியாவிட்டால் அவற்றைத் தடிமனாக்க வேண்டும்.

தலைப்பு படத்தில் இருப்பதையே திருப்பிச் சொல்லக் கூடாது. ஃபோனில் நீண்ட தலைப்பின் வால் வெட்டுப்படும். ஆகவே பிரச்சினை முதலில் வர வேண்டும்: ‘கை தூக்கினால் பிளவுஸ் மேலேறுகிறதா? ஆர்ம்ஹோல் வெட்டும் முறை’. தைப்பவர் தேடும்போது தட்டும் சொற்களும் ஏறக்குறைய இவையாகத்தான் இருக்கும்.

முதல் பத்து நொடியில் வணக்கமும் வேண்டாம், சப்ஸ்கிரைப் வேண்டுகோளும் வேண்டாம். வந்தவர் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று உறுதிப்படுத்திக்கொள்ளும் நேரம் அது. முதல் மூன்று நொடி தம்ப்நெயிலில் இருந்த அதே துணி, அதே கோடுகள். அடுத்த நான்கு நொடியில் காரணம்: “இந்த வளைவு கீழே இறங்கினதாலதான் பிளவுஸ் மேல ஏறுது.” மீதி நேரத்தில் தைத்து முடித்த பிளவுஸ். காரணத்தைச் சொல்லிவிட்டால் போய்விடுவார்களே என்ற பயம் வேண்டாம். காரணம் தெரிந்தவருக்குத்தான் எப்படி வெட்டுவது என்ற கேள்வி எழுகிறது.

யூட்யூபில் ஒரே காணொளிக்கு மூன்று தம்ப்நெயில் வரை போட்டுச் சோதிக்கும் வசதி உண்டு. அதிலும் வெற்றியைத் தீர்மானிப்பது கிளிக் அல்ல, பார்த்த நேரம். ஆனால் சிறு சேனலில் சில நூறு பேருக்கு மட்டுமே படம் காட்டப்பட்டிருந்தால் அந்த முடிவை நம்பி எதையும் மாற்ற வேண்டாம். காணொளி புதியவர்களிடம் பரவும்போது கிளிக் விகிதம் இறங்குவதும் இயல்புதான். அதைக் கண்டு அழுகைப் படத்துக்குத் தாவ வேண்டியதில்லை.

எல்லாம் சரியாகச் செய்தாலும், அழுத முகத்துக்குக் கிடைக்கும் எண்ணிக்கை ஆர்ம்ஹோலுக்குக் கிடைக்காமல் போகலாம். அழுகையை விரும்பிப் பார்ப்பவர்களும் கடைசிவரை பார்க்கத்தான் செய்கிறார்கள். பார்க்கும் நேரம் என்ற அளவுகோலுக்குப் பெண்ணிய அக்கறை எதுவும் கிடையாது. அதனால் எண்ணிக்கையோடு இன்னொரு கேள்வியையும் வைத்துக்கொள்வோம்: ஒரு பெண்ணுக்குத் தெரிந்த வேலை அந்தச் சின்னப் படத்தில் தெரிகிறதா? அண்டாவை முன்னால் வைக்க ஆண்களிடம் யாரும் காரணம் கேட்டதில்லை. சாக்பீஸ் பிடித்த கையை முன்னால் வைக்கப் பெண்ணும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.