கொப்பியில் இருந்த 41 கிலோ

"2022-ல சாப்பாட்டுக்கே கியூவில நின்ன ஊராச்சே, அங்கே யாருங்க வேணும்னு பட்டினி கிடக்கப் போறாங்க?" தமிழ்நாட்டில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பின் தேநீர் இடைவேளையில் ஒரு வைத்தியர் என்னிடம் இப்படிக் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பதில் அப்போதே தொண்டை வரை வந்திருந்தது. கொழும்பில் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும், வளரிளம் பருவத்தின் தொடக்கத்திலேயே அனோரெக்சியாவோடு வந்த பிள்ளைகளைப் பற்றி 2002-இலேயே எழுதிவிட்டார்கள். வேலூர் சிஎம்சியின் கோப்புகளைப் பார்த்து எழுதிய கட்டுரை 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்தது 2007-இல். அதில் அதிகம் இருந்தவர்கள் மனம் சார்ந்த வாந்தியோடு வந்த பிள்ளைகள். அனோரெக்சியா சிறு பங்குதான். முந்தியது யார் என்று சண்டை பிடிக்க வரவில்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

நான் மாத்தளைக்காரன். லக்கலவில் வேலை செய்தவன். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம தண்ணீருக்குள் போக, புதிய நகரம் எழும்பிய பக்கம் அது. அங்கே பார்த்த பல பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பிள்ளையாக இங்கே வரைகிறேன். வயது 14, உயரம் 152 செ.மீ., நிறை 33.5 கிலோ. (தமிழ்நாட்டில் எடை என்பார்கள், எங்கள் கொப்பியில் நிறைதான்.) வந்த முறைப்பாடு 'கேஸ்ட்ரைட்டிஸ்'. மெலிய வேண்டும் என்று பிள்ளை ஒரு தரமும் சொல்லவில்லை. "வயிறு ஊதுது, இறங்குதில்லை" என்றாள், அவ்வளவுதான். இரண்டு மாதம் அமிலக் குளிசை குடித்திருக்கிறாள். குண்டாவதற்குப் பயப்படாமலே சாப்பாட்டை விடும் பிள்ளைகளை இந்திய வைத்தியர்களும் 1990-களிலிருந்து எழுதி வருகிறார்கள். பாக்குநீரிணையின் இரு கரையிலும் இந்த நோய் முதலில் வயிற்றின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருகிறது.

முதல் வேலை, இந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்ப்பது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து நாடியைப் பிடித்தோம், 46. எழுப்பி நிறுத்தி இரண்டு நிமிடம் விட்டுப் பிடித்தபோது 84. படுத்திருக்கையில் குருதி அமுக்கம் 92/58, நின்றபோது 80/50. உடல் வெப்பம் 35.6 பாகை. மாதவிலக்கு நின்று ஐந்து மாதம். ஈசிஜியில் இதயம் மெதுவாக, ஒழுங்காக அடித்தது. பொட்டாசியம், பொசுபேற்று எல்லாம் சரியான அளவில். இந்த 'சரி'தான் ஆளை ஏமாற்றுவது. பட்டினி கிடக்கும் உடல் இரத்தத்தின் உப்புகளைக் கடைசிவரை காப்பாற்றும். இரத்த அறிக்கையைப் பார்த்து நிம்மதிப்படுகிறவர் நாடியை மறந்துவிடுவார். பகலில் நாடி 50-க்குக் கீழே என்றால் வார்டில் சேர்ப்பதற்கு அது ஒன்றே போதும். ரிவஸ்டன் கணவாயைத் தாண்டி ரத்தோட்டை வழியாக மாத்தளைக்குப் போக வேண்டும். பஸ்ஸில் அனுப்பவில்லை, அம்புலன்ஸில் அனுப்பினோம்.

இரண்டாவது கணக்கு நிறை. 33.5-ஐ உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ 14.5. உலக சுகாதார நிறுவன அட்டவணையில் 14 வயதுப் பெண்பிள்ளையின் நடுமட்டம் 19.6. பிள்ளை அதில் 74 வீதம். இதுவரை எந்த ஊர் வைத்தியரும் இதைத்தான் எழுதுவார். இந்தியாவில் 5 முதல் 18 வயது வரை குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 அட்டவணையைப் பார்க்கிறார்கள். அது தங்கள் பிள்ளைகளையே அளந்து செய்த அட்டவணை. அந்த அக்கறையை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அதில் தடித்து நிற்கும் கோடுகள் பெரியவர்களின் 23-க்கும் 27-க்கும் ஈடானவை, அதாவது பருமனைப் பிடிக்கப் போட்ட கோடுகள்.

எங்களிடம் அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. பிறந்த நாள் தொடங்கி வீட்டு அலுமாரியில் கிடக்கும் பிள்ளையின் சுகாதாரக் கொப்பி. தடுப்பூசி, மிட்வைப் நிறுத்த நிறை, பாடசாலை மருத்துவப் பரிசோதனை எல்லாம் அதற்குள்தான். தாய் அதைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். ஏழாம் வகுப்பில், 12 வயதில், உயரம் 148, நிறை 41 கிலோ. அப்போது பிஎம்ஐ 18.7, அந்த வயதின் நடுமட்டம் 18. ஆக, இந்தப் பிள்ளை இயல்பிலேயே நடுமட்டத்துக்குச் சற்று மேலே ஓடிய பிள்ளை. கொப்பி இல்லாவிட்டால் நடுமட்டத்தில் 95 வீதம், அதாவது 43 கிலோ, என்று இலக்கு எழுதி மூடியிருப்போம். அவளுடைய சொந்தக் கோட்டில் பார்த்தால் 47 வருகிறது. அந்த நாலு கிலோவுக்குள்தான் மாதவிலக்கு திரும்புவதும் நோய் திரும்புவதும் தீர்மானமாகிறது. தமிழ்நாட்டில் நான் பார்த்த ஒரு தாயிடம் சிறுவயது அட்டை இருந்தது. பள்ளியில் எடுத்த எடை எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு தாயை வைத்து ஒரு நாட்டை எடைபோடக் கூடாதுதான்.

உணவு வரலாற்றில் தமிழ்நாட்டு வைத்தியர்களுக்கு ஒரு வசதி. இட்லியை எண்ணலாம். நேற்று நாலு, இன்று ஒன்று என்றால் கணக்கு முடிந்தது. எங்கள் சோற்றுக் கோப்பை எண்ணுக்குள் அடங்காது. "சாப்பிட்டாள்" என்று தாய் சொல்வது உண்மைதான், அதில் எவ்வளவு என்பதுதான் இல்லை. அதனால் தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டிக் கேட்டேன். காலையில் பாண் ஒரு துண்டு, ஓரம் கிள்ளி எறிந்தது. பாடசாலைக்குக் கட்டிக்கொடுத்த சோறு சிநேகிதிக்கு. இரவில் அரைக் கோப்பை சோறு, பருப்பின் தண்ணீர் மட்டும். விட்ட சாப்பாடுகளின் வரிசையையும் கேட்க வேண்டும். முதலில் இனிப்பு, பிறகு எண்ணெயில் பொரித்தது, பிறகு தேங்காய்ச் சம்பல், கடைசியில் பால் தேத்தண்ணி. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் திரும்பக் கொடுக்கும் வரிசை கிடைக்கும். பிள்ளை உடற்பயிற்சி செய்வதாக யாரும் சொல்லவில்லை. விடியுமுன் முற்றத்தைப் பல தரம் கூட்டுவதாகத் தம்பி சொன்னான்.

மாத்தளையில் கட்டில் தலை அட்டையில் எழுதிய இலக்குகள் குறைவு. நாள் ஒன்றுக்கு ஆறு வேளை. 1,500 கலோரியில் தொடங்கி, பொசுபேற்றைத் தினமும் பார்த்துக்கொண்டு, நாளுக்கு 200 கூட்டுவது. பட்டினிக்குப் பிறகு சாப்பாடு உள்ளே போனதும் இன்சுலின் எழும்பி பொசுபேற்றைக் கலங்களுக்குள் இழுத்துவிடும். முதல் கிழமைதான் ஆபத்து. ஒரு வேளைக்கு அரை மணி நேரம், தாய் பக்கத்தில். முடிந்தபின் ஒரு மணி நேரம் கட்டிலிலேயே. தட்டில் மிச்சம் இருந்தால் அந்தளவுக்குப் பால். கிழமைக்கு அரை முதல் ஒரு கிலோ. காலையில் சிறுநீர் கழித்தபின், ஒரே உடுப்பில் நிறுப்பது. மூன்றாம் நாள் நிறை திடீரென்று ஒரு கிலோ கூடியது. எல்லோரும் மகிழ, ஒரு தாதி சிறுநீரின் அடர்த்தியைப் பார்த்தார். 1.003. குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

வீடு திரும்பும்போது எங்கள் ஆஸ்பத்திரி கொடுப்பது டயக்னோசிஸ் கார்ட். நாலு வரி, அதுவும் கையெழுத்தில். தமிழ்நாட்டில் டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சில், பக்கக் கணக்கில். நான் பார்த்த ஒன்றில் உணவு வரலாறு மட்டுமே ஒரு பக்கம். எங்களில் யாரும் அப்படி எழுதியதை நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். இட்லி இருந்த இடத்தில் பாண், பிட்டு, கோப்பைச் சோறு என்று மாற்றி, கார்டோடு குத்தி, 47 கிலோ என்ற இலக்கை மேலே எழுதி, லக்கலவில் இருக்கும் மிட்வைப்புக்கு அனுப்புகிறோம். பிள்ளை இன்னும் உயரும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் உயரத்தை அளந்து அந்த 47-ஐத் திருத்துவது அவர் வேலை.